சூரியன் உச்சம், அப்பா எங்கே?

என் ஜோதிட வாழ்க்கையில் நான் பட்ட பெரிய அவமானம் ஓர் உச்ச சூரியனால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் ஒருவர் தன் உறவுக்காரப் பெண்மணியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். கையில் இரண்டு ஜாதக நோட்டுகள். மூத்தது பெண், இளையது பையன். பெண்ணுக்கு வரன் பார்க்கவேண்டும், பையனுக்கு வேலை எப்போது என்று தெரியவேண்டும். நான் பையனின் நோட்டைத்தான் முதலில் திறந்தேன். மேஷத்தில் சூரியன், கிட்டத்தட்ட 8 பாகையில். 10 பாகைதான் பரம உச்சம். சிம்ம லக்னம் என்பதால் லக்னாதிபதியும் அவரே. நிற்பது ஒன்பதாம் வீட்டில், அதாவது பிதுர் ஸ்தானத்தில். எனக்குக் கை துறுதுறுத்தது.

“அப்பா நல்ல பெயரெடுத்தவர். நீண்ட ஆயுள். பையனுக்குக் கடைசி வரை அப்பாதான் துணை” என்றேன்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அழைத்து வந்தவர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினேன். அவர் கழுத்தைப் பார்த்திருந்தாலே போதும், கட்டத்தைத் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. பையனுக்குப் பத்தரை வயதிருக்கும்போது அவன் அப்பா வளைகுடா நாட்டில் வேலை பார்த்த இடத்திலேயே இறந்துவிட்டார்.

சமாளிக்கும் அவசரத்தில் பெண்ணின் நோட்டை எடுத்தேன். அதில் துலாத்தில் சூரியன், நீசம். அதுவும் பரம நீசத்தை ஒட்டி, 10 பாகைக்கு அரைப்பாகை குறைவாக. “இந்தப் பெண்ணுக்கு அப்பா வழியில் ஆதரவு குறைவு” என்று ஆரம்பித்தேன். இம்முறை அந்த அம்மா வாய் திறந்தார். “அவளுக்கு அவள் அப்பாதான் எல்லாமே. அவர் கைக்கடிகாரத்தைத்தான் இன்றைக்கும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்” என்றார்.

இரண்டு ஜாதகம், இரண்டும் தப்பு. அதுவும் சரியாகத் தலைகீழாக.

அவர்கள் போன பிறகு பெரியப்பாவிடம் போய் நின்றேன். எனக்குக் கட்டம் போடச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு ராசிக் கட்டங்களையும் பார்த்துவிட்டு, “ஆளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை” என்றார். அன்று அது எனக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. (அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். பிறந்த ஆண்டு, தேதி, ஊர் எதையும் சொல்லப்போவதில்லை. கட்டத்துக்கு அவை தேவையுமில்லை.)

ஜாதகத்தில் உறவுகளைப் பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன என்பது படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஒன்று காரகன். சூரியன் தந்தை, சந்திரன் தாய், செவ்வாய் உடன்பிறப்பு, புதன் தாய்மாமன், குரு பிள்ளைகள், சுக்கிரன் மனைவி. ராகு தந்தைவழிப் பாட்டனையும் கேது தாய்வழிப் பாட்டனையும் குறிக்கும் என்பது நம் பக்கத்து வழக்கு. எந்த லக்னத்தில் பிறந்தாலும் இது மாறாது. இன்னொன்று பாவம். லக்னத்திலிருந்து எண்ணி மூன்று இளைய உடன்பிறப்பு, நான்கு தாய், ஐந்து பிள்ளை, ஏழு துணை, ஒன்பது தந்தை, பதினொன்று மூத்த உடன்பிறப்பு. இது லக்னத்துக்கு லக்னம் மாறும். தந்தைக்குப் பத்தாம் வீட்டைப் பார்ப்பவர்களும் உண்டு. நாங்கள் ஒன்பதைப் பார்ப்பவர்கள். அந்தச் சண்டைக்குள் இப்போது போகவில்லை.

இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். அதற்கு முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கவேண்டும். சூரியன் ஒரு ராசியைக் கடக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறார். ஐப்பசி முழுவதும் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் சூரியன் நீசம். அந்த மாதத்தில் பிறந்த அத்தனை பேரின் அப்பாக்களும் நொடித்துப் போனவர்களா? குரு மகரத்தில் இருக்கும் ஏறக்குறைய ஓராண்டு முழுவதும் பிறப்பவர்களுக்குப் புத்திர காரகன் நீசம். அத்தனை பேருக்கும் பிள்ளை இல்லாமல் போய்விடுமா? ஆனால் லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. ஒரே நாளில், ஒரே மருத்துவமனையில், காலையில் பிறந்த குழந்தைக்கும் மதியம் பிறந்த குழந்தைக்கும் சூரியன் ஒரே ராசியில்தான் இருப்பார். ஆனால் ஒன்பதாம் வீடு வேறு, அதன் அதிபதி வேறு.

ஆகவே காரகன் பேசுவது பொதுப்பேச்சு. ‘தந்தை’ என்கிற தத்துவம் அன்றைய வானத்தில் எப்படி இருந்தது என்பதை அது சொல்கிறது. பாவம்தான் அந்தத் தத்துவத்தை இந்தக் குழந்தையின் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்பா இந்தக் குழந்தைக்கு எவ்வளவு கிடைத்தார், எந்த வயதுவரை, எந்த உருவில் என்பதெல்லாம் பாவத்தின் கணக்கு. பெரியப்பா சொன்னதன் பொருள் இதுதான். உச்ச சூரியனைப் பார்த்து நான் ஓர் ஆளின் பெருமையைச் சொன்னேன். அந்த ஆள் மகன் பக்கத்தில் இருந்தாரா என்று பார்க்கவே இல்லை.

பாவம் என்றால் வீடு மட்டுமல்ல, அதன் அதிபதியும் சேர்த்துத்தான். வீட்டில் யார் நிற்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பது ஒரு சாட்சி. வீட்டுக்காரன் எங்கே போயிருக்கிறான், எந்த நிலையில் இருக்கிறான் என்பது இரண்டாவது சாட்சி. காரகன் மூன்றாவது சாட்சி. மூன்று பேரும் ஒரே பேச்சைப் பேசினால் துணிந்து சொல்லலாம். இரண்டு பேர் ஒரு பக்கமும் ஒருவர் ஒரு பக்கமுமாக இருந்தால், யார் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துக் கேட்கவேண்டும். இனி அந்த இரண்டு கட்டங்களுக்கு வருவோம்.

பையன் சித்திரை மாதம், பகல் இரண்டு மணி வாக்கில் பிறந்தவன். சிம்ம லக்னம், திருவோண நட்சத்திரம். ஒன்பதாம் வீடு மேஷம். அங்கே உச்ச சூரியன் மட்டும் இல்லை, நாலைந்து பாகை தள்ளிக் கேதுவும் நிற்கிறார். ஏழாம் வீடான கும்பத்தில் சனி ஆட்சி. சனிக்கு 3, 7, 10 பார்வைகள் உண்டு. கும்பத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது மேஷம். ஆக ஒன்பதில் கேது, ஒன்பதுக்குச் சனியின் பார்வை. முதல் சாட்சி கலங்கிப்போயிருக்கிறது.

ஒன்பதாம் அதிபதி செவ்வாய். அவர் கடகத்தில் நீசமாகி, லக்னத்துக்குப் பன்னிரண்டில் மறைந்திருக்கிறார். பன்னிரண்டாம் வீடு விரயம், அயல்நாடு, கண்ணுக்கு எட்டாத தொலைவு. அப்பா மகனுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே கடல் கடந்து போனவர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோனவர் என்பது இந்த ஒரு கிரகத்திலேயே எழுதியிருக்கிறது. விருச்சிகத்திலிருக்கும் குரு தன் ஒன்பதாம் பார்வையால் செவ்வாயைப் பார்க்கிறார். அதனால் அப்பா அனுப்பிய பணம் வீணாகவில்லை, வீடு நின்றது. ஆனால் பணம் வந்ததும் ஆள் வந்ததும் ஒன்றாகிவிடுமா?

இப்போது காரகன். உச்சம், லக்னாதிபதி, திரிகோணம். ஆனால் நிற்கும் இடம் தந்தையின் வீடு. இங்கேதான் ‘காரகோ பாவ நாசாய’ என்கிற பழைய விதி வருகிறது. ஒரு பாவத்துக்குரிய காரகன் அந்தப் பாவத்திலேயே உட்கார்ந்தால் பாவத்துக்குக் கெடுதி என்பது அதன் பொருள். இதைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சந்திரன் நான்கில் நின்றால் திக்பலம் பெறுகிறார் என்று ஒரு பக்கம் சொல்கிறோம்; அதே சந்திரன் நான்கில் நின்றால் தாய்க்கு ஆகாது என்று இன்னொரு பக்கம் சொல்கிறோம். சனி எட்டில் நின்றால் ஆயுள் நீளும் என்று இதே விதிக்கு விலக்கும் கொடுத்திருக்கிறோம். அப்படியானால் விதி எப்போது வேலை செய்யும்?

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறோம். காரகன் போய் அந்தப் பாவத்துக்குள்ளேயே குடியேறிவிட்டால் இரண்டு சாட்சிகள் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகிறார்கள். கூரை பத்திரமாக இருந்தால் இருவரும் சுகம். தீப்பிடித்தால் இருவரும் சேர்ந்து போவார்கள். வெளியே நின்று காப்பாற்ற ஆளில்லை. ஆகவே காரகன் பாவத்தில் நிற்பதை மட்டும் பார்த்துப் பயப்படவேண்டியதில்லை. அந்த வீட்டில் பாபர் தொடர்பு இருக்கிறதா, வீட்டதிபதி வெளியே பலமாக நின்று கைகொடுக்கிறாரா என்று பார்க்கவேண்டும். பையனின் கட்டத்தில் கேதுவும் சனியும் ஒன்பதைத் தொட்டிருக்கிறார்கள். கைகொடுக்க வேண்டிய செவ்வாய் பன்னிரண்டில் நீசம். இந்த ஜாதகத்தில் விதி பலித்தது. அதே சித்திரையில், அதே மேஷ சூரியனோடு, தனுசு லக்னத்தில் பிறந்த குழந்தைக்குச் சூரியன் ஒன்பதாம் அதிபதியாகி ஐந்தில் உச்சமாக இருப்பார். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

காலத்தையும் பார்த்துவிடலாம். திருவோணத்தின் தொடக்கத்தில் பிறந்ததால் சந்திர தசை ஏறக்குறைய முழுவதும் மிச்சம். பத்து வயதை நெருங்கும்போது செவ்வாய் தசை தொடங்குகிறது. அதாவது கெட்டுப்போன ஒன்பதாம் அதிபதியின் தசை. முதல் ஐந்து மாதம் செவ்வாயின் சொந்தப் புக்தி, அடுத்த ஓராண்டு ராகு புக்தி. ராகு நிற்பது மூன்றாம் வீடான துலாத்தில். ஒன்பதை லக்னமாக வைத்து எண்ணினால் அது ஏழாமிடம், தந்தைக்கு மாரக ஸ்தானம். பத்தரை வயதில், செவ்வாய் தசை ராகு புக்தியில் அப்பா போனார்.

அக்காவின் கட்டம் இதற்கு நேர் எதிர். ஐப்பசி, நள்ளிரவு தாண்டிக் கால் மணி, கடக லக்னம், உத்திராடம். நான்கில் நீச சூரியன். கூடவே துலாத்தின் அதிபதி சுக்கிரன் ஆட்சியாக இருப்பதால் நீசபங்கம் என்று வாதிடலாம். ஆனால் அந்தச் சுக்கிரன் சூரியனுக்கு இரண்டு பாகைக்குள் நின்று அஸ்தங்கமாகிவிட்டார். தூக்கிவிட வந்தவரே மூழ்கியிருக்கும்போது பங்கம் அரைகுறைதான். ஒன்பதாம் வீடு மீனம். அதன் அதிபதி குரு லக்னத்தில் உச்சம். கேது கூட இருந்தாலும் பத்துப் பாகை விலகியே நிற்கிறார். கடகத்திலிருந்து குருவின் ஒன்பதாம் பார்வை நேராக மீனத்தில், தன் சொந்த வீட்டில் விழுகிறது. ஒன்பதில் பாபர் இல்லை, ஒன்பதைப் பாபர் பார்க்கவுமில்லை. இரண்டு சாட்சிகளும் தெளிவாகப் பேசுகிறார்கள். மூன்றாமவர் மட்டும் தலைகுனிந்து நிற்கிறார்.

இங்கே இன்னொரு விதியையும் சொல்லவேண்டும். வராகமிகிரர் பிருஹத் ஜாதகத்தில், பகலில் பிறந்தவர்களுக்குச் சூரியன் தந்தை, சுக்கிரன் தாய் என்றும், இரவில் பிறந்தவர்களுக்குச் சனி தந்தை, சந்திரன் தாய் என்றும் சொல்கிறார். மாற்றிப் பார்த்தால் அந்தக் கிரகங்களே தந்தையின் சகோதரனையும் தாயின் சகோதரியையும் குறிக்கும். பலர் இதைப் படித்ததோடு சரி, கட்டத்தில் பயன்படுத்துவதில்லை. நானும் பயன்படுத்தியதில்லை. அக்கா நள்ளிரவில் பிறந்தவள். அவளுக்குத் தந்தைக் காரகனாகச் சனியையும் பார்க்கவேண்டும். சனி ஆறாம் வீடான தனுசில் மறைந்து, ரிஷபத்திலிருக்கும் செவ்வாயின் எட்டாம் பார்வையை வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆக இரண்டு காரகர்களுமே அடிபட்டவர்கள்.

காரகன் நின்ற இடத்திலிருந்தும் அந்தப் பாவத்தை எண்ணிப் பார்ப்பது வழக்கம். சூரியனுக்கு ஒன்பது, சந்திரனுக்கு நான்கு, செவ்வாய்க்கு மூன்று, புதனுக்கு ஆறு, குருவுக்கு ஐந்து, சுக்கிரனுக்கு ஏழு. அக்காவின் சூரியனுக்கு ஒன்பதாமிடம் மிதுனம். தனுசிலிருக்கும் சனி அதை நேருக்கு நேர் பார்க்கிறார். மிதுனாதிபதி புதனோ சூரியனோடு துலாத்தில் அஸ்தங்கம். காரகன் சொல்வது தெளிவு: அந்த மனிதருக்கு ஆயுள் பலம் போதாது.

பாவம் சொல்வதும் தெளிவு: இவளுக்குப் பிதுர் பாக்கியம் குறையாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால், ஆள் சீக்கிரம் போவார், ஆனால் அப்பா என்று ஒருவர் தரவேண்டியதெல்லாம் இவளுக்குக் கிடைக்கும் என்று வருகிறது. நடந்ததும் அதுதான். இவளுக்கு ஐந்து வயதாகும்வரை அவர் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தார். தோளில் தூக்கிக்கொண்டு போனது, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது, சைக்கிளில் பள்ளிக்கூடம் அழைத்துப்போனது எல்லாம் இவளுக்குத்தான். அவர் இறந்த பிறகு வந்த தொகையில் இவள் பொறியியல் படித்தாள். இறந்தபோது இவளுக்குப் பதினைந்து நிறைந்திருந்தது. சூரிய தசையில் சில மாத இருப்பு, சந்திரன் பத்தாண்டு, பிறகு செவ்வாய் தசை. அந்த வயதில் நடந்தது செவ்வாய் தசை புதன் புக்தி. மீனத்தை லக்னமாக்கிப் பார்த்தால் இரண்டாம் வீடு மேஷம், ஏழாம் வீடு கன்னி. தந்தைக்கு மாரகாதிபதிகள் செவ்வாயும் புதனும்தான்.

ஒரே மனிதர், ஒரே மரணம். மகனுக்கு அது ஒன்பதாம் வீட்டின் வழியாக வந்தது, மகளுக்குக் காரகன் வழியாக வந்தது. அதனால்தான் ஒருவனுக்கு அப்பாவே இல்லாமல் போனார், இன்னொருத்திக்கு அப்பா இறந்தும் போகவில்லை.

இதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நடந்து முடிந்ததற்குக் கட்டத்தில் காரணம் கண்டுபிடிப்பது மிக எளிது. பன்னிரண்டு வீடு, ஒன்பது கிரகம், ஆளுக்கொரு பார்வை, தசை, புக்தி என்று இத்தனை கயிறுகள் இருக்கும்போது எதையாவது இழுத்து எதிலாவது கட்டிவிடலாம். மகனுக்கு மட்டும் குருவின் பார்வையைப் ‘பணம்’ என்று ஒதுக்கிவிட்டு மகளுக்கு அதையே ‘பாக்கியம்’ என்று நான் கொண்டாடுவதாக யாராவது கேட்டால், என் பதில் ஒன்றுதான்: அங்கே குரு பார்த்தது ஒன்பதாம் அதிபதியை மட்டும், வீட்டையல்ல, இங்கே ஒன்பதாம் அதிபதியே குரு. இந்த அளவுக்காவது வேறுபாட்டைச் சொல்ல முடியாவிட்டால் பலன் சொல்லக்கூடாது. அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வந்தவரிடம் எதையும் கேட்பதற்கு முன், ஒரு தாளில் மூன்று சாட்சிகளையும் தனித்தனி வரியாக எழுதிவிடுவேன். பிறகுதான் கேட்பேன். தப்பானால் தாளில் எந்த வரி தப்பு என்று தெரியும். நினைவில் வைத்துக்கொண்டால் மனம் சௌகரியமாகத் திருத்திக்கொள்ளும்.

அப்பா, அம்மா, மனைவிக்கெல்லாம் சொந்தக் காரகன் உண்டு. பெரியப்பா, அத்தை, மாமியார், அம்மாவைப் பெற்ற பாட்டி இவர்களுக்கு? இங்கே பாவத்திலிருந்து பாவம் எண்ணவேண்டும். தாய் நான்கு, தாயின் இளைய உடன்பிறப்பு நான்குக்கு மூன்று, அதாவது ஆறு. எண்ணும்போது நிற்கும் வீட்டையே ஒன்றாகக் கொள்ளவேண்டும். நான்கு, ஐந்து, ஆறு என்று மூன்று. அடுத்த வீட்டிலிருந்து எண்ணத் தொடங்கி ஏழில் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாமன் ஆறில் வருவதும், புதனிலிருந்து ஆறாமிடத்தை மாமனுக்குப் பார்ப்பதும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கவனியுங்கள். எண்ணிக்கை சரியா என்று சோதிக்க அதுவே போதும்.

இப்படி எண்ணிக்கொண்டே போனால் ஒரு தொல்லை வரும். பன்னிரண்டு வீட்டுக்குள் ஊர்ப்பட்ட சொந்தமும் வந்தாகவேண்டும். ஏழாம் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மனைவி. ஐந்துக்கு மூன்று என்பதால் இரண்டாவது குழந்தையும் அதுதான். நான்குக்கு நான்கு என்பதால் அம்மாவைப் பெற்ற பாட்டி. ஒன்பதுக்குப் பதினொன்று என்பதால் தந்தையின் மூத்த சகோதரர், பெரியப்பா. ஏழில் ஒரு கிரகம் நின்றால் இந்த நால்வரில் யாரைச் சொல்வது?

இந்த இடத்தில்தான் காரகன் தன் உண்மையான வேலையைச் செய்கிறார். வீடு நான்கு பேரை ஒரே கதவின் முன் நிறுத்துகிறது. காரகன் அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுகிறார். ஏழில் சுக்கிரன் சம்பந்தப்பட்டால் பேச்சு மனைவியைப் பற்றியது. குரு என்றால் பிள்ளையையும் பார். சந்திரன் என்றால் தாய்வழிப் பாட்டியைக் கேள். தந்தையின் சகோதரனைக் குறிக்கும் கிரகம் அங்கே நின்றால் பெரியப்பாவை விசாரி.

அக்காவின் ஏழாம் வீடு மகரம். அங்கே சந்திரன், ராகுவோடு மிக நெருங்கி நிற்கிறார். இதைப் பார்த்த உடனே களத்திர தோஷம் என்று எழுதிவைத்த ஜோதிடர்கள் இரண்டு பேராவது இருந்தார்கள். நோட்டின் ஓரத்தில் அவர்கள் கையெழுத்தே இருந்தது. ஏழாம் அதிபதி சனி ஆறில் இருப்பதால் திருமணம் தாமதப்படும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஏழில் நிற்பது சுக்கிரன் அல்ல, சந்திரன். அதுவும் இரவுப் பிறப்புக்குத் தாயைக் குறிக்கும் சந்திரன். நான்குக்கு நான்கில் தாய்க் காரகன். உச்ச குரு எதிரிலிருந்து அதைப் பார்க்கிறார். பெரியப்பா அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, “இவளை வளர்த்தது அம்மாவைப் பெற்றவள்தானே என்று கேட்டுவிட்டு வா” என்றார்.

தம்பியின் ஏழாம் வீடு கும்பம், சனி ஆட்சி. அவன் பகலில் பிறந்தவன். பகல் பிறப்புக்குச் சூரியன் தந்தை என்றால் சனி தந்தையின் சகோதரன். ஒன்பதுக்குப் பதினொன்றாம் வீட்டில், தந்தையின் சகோதரனைக் குறிக்கும் கிரகம், சொந்த வீட்டில் பலமாக. அந்தச் சனியின் மூன்றாம் பார்வைதான் ஒன்பதில் விழுகிறது என்று மேலே சொன்னேன். தந்தையின் வீட்டைக் கெடுப்பதும் அந்தப் பார்வைதான், தந்தையின் வீட்டுக்குள் வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வதும் அதே பார்வைதான். சனிக்கு அந்த இரட்டைக் குணம் உண்டு.

உச்ச சூரியன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கிரகத்துக்கும் உயிர்க் காரகத்துவம், பொருள் காரகத்துவம் என்று இரண்டு இருக்கின்றன. சூரியனுக்கு உயிர்க் காரகத்துவம் தந்தை, பொருள் காரகத்துவம் அரசு. உயிரைக் கொடுக்க முடியாமல் போன பலமான கிரகம் பொருளைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கும் என்பார்கள். இதை எல்லா ஜாதகத்திலும் நம்பிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையன் அடுத்த ஆண்டே தேர்வு எழுதித் தேறி, வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தான்.

அந்த வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு அந்த அம்மா மறுபடி வந்தார். இம்முறை நான் முதலில் தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். பிறகு பாட்டியைப் பற்றிக் கேட்டேன். கணவர் இறந்ததும் தான் தையல் வேலைக்குப் போய்விட்டதாகவும், பெண் காலேஜ் முடிக்கும்வரை தன் அம்மா வீட்டில்தான் இருந்தாள் என்றும் சொன்னார்.

“பையன்?”

“அவன் இங்கேதான். அவன் பெரியப்பா விடவில்லை. ஸ்கூலில் ரேங்க் கார்டுக்கு அப்பா கையெழுத்து என்று இருக்கும் இல்லையா, பத்தாவது வரைக்கும் அவர்தான் போட்டார். ‘அப்பா’ என்ற எழுத்தை அடித்துவிட்டு ‘பெரியப்பா’ என்று எழுதித்தான் போடுவார். பையனுக்கு அது பிடிக்காது. அடிக்காமல் போடுங்கள் என்று அழுவான்.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.